நாற்பத்திரண்டு மார்க்கும் ஒரு அடைப்புக்குறியும்

வெளிநாட்டில் மாணவனாக இருப்பதும் ஒரு உத்தியோகம்தான். என்ன, அதில் சம்பளம் நாம் கொடுக்க வேண்டும், திட்டு அவர்கள் கொடுப்பார்கள். இரண்டாயிரத்து ஆறு வாக்கில் திருநெல்வேலியிலிருந்து லண்டனுக்கு மனிதவள மேலாண்மை படிக்கப் போனவன் நான். கடல் தாண்டிப் போய் முதல் கட்டுரையிலேயே குப்புற விழுந்த அன்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

மரியாதை வரிசை

கட்டுரை திரும்பி வந்தது. நாற்பத்திரண்டு. பாஸ் ஐம்பது. ஓரமெல்லாம் பச்சை மசியில் ஒரே கேள்விகள்: யார் சொன்னது? எந்த ஆண்டு? எந்தப் பக்கம்? மூன்று வாரத்தில் திருத்தி எழுதித் தரலாம், ஆனால் எவ்வளவு பிரமாதமாக எழுதினாலும் ஐம்பதுக்கு மேல் ஏறாது. அதிலும் கோட்டை விட்டால் பாடம் போச்சு, பாடம் போனால் படிப்பு போச்சு, படிப்பு போனால் விசாவுக்கும் சங்குதான். அப்பா ஊரில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் லண்டனில் படிப்பது எங்கள் தெருவில் பால்காரர் வரைக்கும் தெரியும். 

ஆசிரியை பெயர் ஹெலன். எல்லாரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு நாக்கு வராது; மேடம்தான். கடைசிப் பக்கத்து நூல் பட்டியலை என் முன்னால் வைத்து, இது என்ன வரிசை என்று கேட்டார். முதலில் அவர் எழுதிய கட்டுரை, அடுத்து தடிமனான புத்தகம், அப்புறம் சின்னப் புத்தகங்கள், கடைசியில் தேதி போடாத இரண்டு இணையதளம். கல்யாணப் பத்திரிகையில் பெரியவர்கள் பேர்தானே முதலில் வரும்? அந்தப் பழக்கம். போதாக்குறைக்கு, கட்டுரைக்குள் எங்குமே தொடாத நாலு புத்தகத்தையும் சும்மா கூட்டத்துக்குச் சேர்த்திருந்தேன். கட்டுரைக்குள் யாரைச் சொன்னேனோ அவர்கள் மட்டும்தான் பட்டியலில் வர வேண்டும், அதுவும் குடும்பப் பெயரின் அகர வரிசையில், இணையதளம் என்றால் பார்த்த தேதியோடு என்று விளக்கினார். இது மரியாதை வரிசை மேடம் என்றேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: "என் பெயர் பாதிக்குக் கீழேதான் வரும். எனக்கு அதில் வருத்தமே இல்லை."

மனப்பாடம்

அடுத்து நாலு பத்தியை மஞ்சள் பேனாவால் பூசிக் காட்டினார். வரிக்கு வரி புத்தகத்தில் இருப்பது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் பார்த்து எழுதவே இல்லை! ஊரில் எங்கள் காலேஜில் புத்தகத்தில் உள்ளதை ஒரு கமா பிசகாமல் எழுதினால்தான் முழு மார்க். அந்தப் பழக்கத்தில் பத்தியை மனப்பாடம் செய்து, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுதினேன். இதை அவரிடம் பெருமையாகவே சொன்னேன்.

 அவர் பொறுமையாக விளக்கினார். அதே வார்த்தைகள் என்றால் மேற்கோள் குறி போட்டு, நூலாசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் மூன்றும் அடைப்புக்குறிக்குள் வர வேண்டும். சொந்த வார்த்தையில் சொன்னாலும் கருத்து அவருடையதுதான், ஆகவே பெயரும் ஆண்டும் வர வேண்டும். புத்தகத்தைப் பட்டியலில் காட்டியிருந்ததாலும் முதல் பருவம் என்பதாலும் இதைத் திருட்டு என்று எழுதாமல் அறியாமை என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். இன்னொரு முறை நடந்தால் விசாரணைக் குழுவுக்குப் போகும். நான் எழுந்தபோது ஆறுதலாக ஒன்று சொன்னார்: "நினைவாற்றலுக்கு மார்க் இருந்திருந்தால் எண்பது போட்டிருப்பேன்."

ஜன்னல்

பயந்தவன் என்ன செய்வான்? வரிக்கு வரி அடைப்புக்குறி போட்டேன். ஒரு பக்கத்துக்கு முப்பது. லண்டன் பெரிய நகரம் என்பதற்கு ஒருவரை, ஆட்கள் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள் என்பதற்கு மூன்று பேரைச் சாட்சிக்கு இழுத்திருந்தேன். நூலகத்தில் கட்டுரை எழுத உதவும் மேசை ஒன்று உண்டு. அங்கே உட்கார்ந்திருந்த தாடிக்காரர் என் வரைவைப் படித்துவிட்டு, இதில் உன் குரல் எங்கே இருக்கிறது என்று கேட்டார். எல்லாருக்கும் தெரிந்த சங்கதிக்கு ஆதாரம் வேண்டாமாம். ஒருவர் கண்டுபிடித்ததற்கும் வாதிட்டதற்கும்தான் வேண்டுமாம். அடைப்புக்குறிகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனார், அடித்துக்கொண்டே போனார். கடைசியில் சொன்னார்: "லண்டனில் மழை பெய்யும் என்பதற்கு நூல் தேவையில்லை தம்பி, ஜன்னல் போதும்."

கடைக்கு வாய் இருக்கே?

கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் மாடி அறையில் குடியிருந்தேன். கீழே ராசன் அண்ணையும் தவமணி அக்காவும். கட்டுரையை முடித்துவிட்டேன் என்று நிம்மதியாக அவர்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். கொடுக்க இன்னும் மூன்று நாள். வால்தம்ஸ்டோவில் தெரிந்த ஒருவர் தன் கடையை விற்கப் போகிறாராம் என்று அண்ணை ஒரு செய்தி கொண்டு வந்தார்.

"ஆர் சொன்னது?" என்றார் அக்கா.

"கடையில கதைச்சவை."

"கடைக்கு வாய் இருக்கே? ஆர் எண்டு சொல்லுங்கோ."

"குமார்தான்."

"குமாருக்கு ஆர் சொன்னது?"

"அவற்ற மச்சான்."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். சம்பளத்தைக் கூட்டினாலும் ஆட்கள் வேலையில் நிற்க மாட்டார்கள் என்று ஒரு ஆய்வாளர் சொன்னதாக என் கட்டுரையின் நடுத்தூணாக ஒரு வரி வைத்திருந்தேன். அந்த ஆய்வாளரை நான் படிக்கவே இல்லை. தடிப் புத்தகத்துக்காரர் அவரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, நேரில் கேட்டவன் மாதிரி அவர் பெயரையே போட்டிருந்தேன். அக்கா அண்ணையை விடுவதாக இல்லை: "அப்ப குமார் சொன்னவர் எண்டு சொல்லாதேங்கோ. மச்சான் சொன்னதெண்டு குமார் சொன்னவர், அப்பிடிச் சொல்லுங்கோ."

நிலவறை

அக்கா சொன்னபடியே 'இன்னார் எடுத்துக்காட்டிய இன்னார்' என்று அடைப்புக்குறிக்குள் எழுதினால் விதிப்படி சரிதான். ஆனால் மூலம் கிடைக்கும்போது மூலத்தையே படி என்று ஹெலன் மேடம் சொல்லியிருந்தார். மறுநாள் நூலகத்தின் நிலவறைக்குப் போனேன். பழைய ஆய்விதழ்களைக் கட்டுக் கட்டாக பைண்டு செய்து வைத்திருந்தார்கள். தும்மித் தும்மித் தேடி எடுத்துப் பார்த்தால், அடப்பாவி, அந்த வரிக்கு அடுத்த வரி என் வாதத்தின் காலை வாரியது. மேற்பார்வையாளர் கொடுமைக்காரராக இருக்கும் இடத்தில்தான் சம்பளம் ஆட்களை நிறுத்தாது, மற்ற இடத்தில் நிறுத்தும் என்கிறார் மனிதர். தடிப் புத்தகத்துக்காரர் பாதியில் நறுக்கியிருந்தார்.

இரண்டு நாள் சோறு தண்ணி இறங்கவில்லை. பாதிக் கட்டுரையைப் பிரித்துக் கட்டினேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: ஒரு அச்சடித்த புத்தகம் தப்பு என்று என் சொந்தக் கண்ணால் கண்டுபிடித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை, எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அன்று பக்க எண்ணை மூன்று தடவை சரிபார்த்து எழுதிக்கொண்ட கையோடு, நிலவறைக் காவலாளியிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்தார்: "நல்லது, ஆனால் ஐந்து மணிக்கு விளக்கை அணைப்பேன்."

ஐம்பது

முடிவு வந்தது. ஐம்பது. கீழே பச்சை மசியில், விதி இல்லாவிட்டால் இதற்கு அறுபத்தாறு போட்டிருப்பேன், மூலத்தைத் தேடிப் போனதற்குப் பாராட்டு என்று எழுதியிருந்தது. வீட்டு மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து நாலு தடவை படித்தேன். கண் கலங்கியது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. கீழே ஓடிப் போய் அக்காவிடம் நீட்டினேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "ஆர் சொன்னது எண்டு கீழ கையெழுத்து இருக்குத்தானே, அப்ப நம்பலாம்" என்றார்.

அன்றே அப்பாவுக்கு போன் போட்டேன். இரண்டு மாதமாக மார்க் இன்னும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த பொய்யையும், முதல் தடவை விழுந்ததையும், நிலவறையையும், பக்க எண்ணையும், எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.  முப்பது வருஷம் விடைத்தாள் திருத்தியவர் இல்லையா, யோசித்துத்தான் பேசினார்: "வீட்டுல உக்காந்து, புக்கைப் பார்த்து எழுதுற பரீட்சைலயா அம்பது?"

இப்போது ரெய்னர்ஸ் லேனில் குடியிருந்துகொண்டு ஆபீசில் ஊரார் அறிக்கைகளைத் திருத்தும் வேலையில் இருக்கிறேன், அப்பா கேட்ட அந்தக் கேள்விக்கு மட்டும் எந்த நூலிலும் ஆதாரத்தோடு ஒரு பதில் கிடைக்கவில்லை.