நேரம் முடிந்தது

நோயாளிப் பராமரிப்புப் பயிற்சி நிலையத்துக்கு ஆன்லைன் தேர்வுத் தளம் கட்டிக்கொடுத்த வெப்சைட்காரர் வேலையில் படு கறார். முதலில் கடிகாரம் தேர்வெழுதுகிறவரின் போனில்தான் ஓடியது. பக்கத்தைப் புதுப்பித்தால் நேரமும் புதிதாகத் தொடங்கும். இந்தச் சூட்சுமம் காட்டுத்தீயாகப் பரவியதும், தொடங்கிய நேரத்தை சர்வரில் எழுதிவைத்தார். இனி போனை அணைத்தாலும் கடிகாரம் நிற்காது. தொடத்தொட விடை சேமிக்கப்படும். நேரம் முடிந்தால் தாள் தானே போய்ச்சேரும். தேறினால் எண்ணோடு சான்றிதழ் வரும். அந்த எண்ணைத் தளத்தில் போட்டு எந்த மருத்துவமனையும் சரிபார்க்கலாம்.

எல்லாவற்றையும் ஏசி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, தானே எழுதிச் சோதித்தார். அங்கே அவரை யார் கூப்பிடப்போகிறார்கள்?

அவர் வீட்டில், படுக்கையோடு கிடக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் அக்காவும் அதே தேர்வை எழுதினாள். தேறினால் மருத்துவமனையில் நிரந்தர வேலை. தோற்றுவிட்டாள். பதிவைத் திறந்து பார்த்தார். மளமளவென்று விடைகள், எல்லாம் சரி. பாதிக்கு மேல் ஒன்றுமே இல்லை. பிறகு நேரம் முடிந்திருந்தது.

"என்னக்கா ஆச்சு?"

"அப்பா கூப்பிட்டாரு தம்பி. துணி நனைஞ்சுபோச்சு. பரீட்சை இருக்கு, பொறுங்கன்னு சொல்ல முடியுமா?"

தன் கடிகாரமே தன் வீட்டில் இப்படி அடிக்கும் என்று அவர் நினைக்கவில்லை. மறுநாள் நிலையத் தலைவியிடம் போய் உள்ளதைச் சொன்னார்.

"மார்க்கைத் தொடக் கூடாது. சர்டிஃபிகேட்டுக்கு அப்புறம் மதிப்பு ஏது?" என்றார் அந்தம்மா. "நம்ம பிள்ளைங்க பாதிப்பேர் டியூட்டியிலதான் எழுதுறாங்க, அதை நாமதான் மறந்துட்டோம். எல்லாருக்கும் இன்னொரு வாய்ப்பு குடுங்க. கேள்வி மட்டும் வேற வரணும்."

அப்படியே செய்தார். அக்கா கூடத்தில் போனோடு உட்கார்ந்ததும், அப்பாவின் கட்டிலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

எதிர்பார்த்தபடியே அப்பா கூப்பிட்டார். மகன் தட்டுத்தடுமாறி விரிப்பை மாற்றினார்.

"உனக்கு மடிக்கக்கூட வரலியேடா. அவ எங்க?"

"பரீட்சை எழுதுறாங்கப்பா."

"அப்ப மெதுவாப் பேசு" என்றார் அப்பா.

அதன்பின் கிழவர் வாயே திறக்கவில்லை. தாகத்தைக்கூடக் கண்ணால்தான் சொன்னார்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா ஓடிவந்து போனை நீட்டினாள். திரையில் சான்றிதழ், அவள் பெயரோடு. அப்பா அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். அப்புறம் மகனைப் பார்த்து,

"அந்த விரிப்பை எடு. அவ வேலைக்குப் போறதுக்குள்ள அவகிட்ட ஒழுங்கா மடிக்கக் கத்துக்க" என்றார்.