பிரிஜ்ஜில் ஒட்டிய மட்டை

முரசுமோட்டையில் தனியாக இருந்த அப்பா வாரத்துக்கு இரண்டு தரமாவது வவுனியாவில் இருந்த எனக்குப் போன் எடுப்பார். "தம்பி, ரீவி ஓடுதில்லை. திருத்துற ஆளைக் கூப்பிடட்டோ?" ஒருமுறை பல்ப் மாற்றப்போய் வீட்டையே இருட்டாக்கிய நான்தான் அவருக்கு நிபுணர்.

அந்த நிபுணர் ஒரு கடதாசி மட்டையில் எழுதி அப்பாவின் பிரிஜ்ஜில் ஒட்டினார்: 'வீட்டில லைட் எரியுதோ? பிளக் இறுக்கமோ? சுவிச் போட்டிருக்கோ? ட்ரிப் சுவிச் விழுந்திருந்தால் ஒருக்கா மட்டும் தூக்குங்கோ. ரிமோட்டுக்குப் புதுப் பற்றறி போடுங்கோ. நிப்பாட்டி, கொஞ்சம் பொறுத்துத் திரும்பப் போடுங்கோ. எரிஞ்ச மணம் வந்தால் தொடாதேங்கோ, ஆளைக் கூப்பிடுங்கோ.'

"இனி எனக்கு எடுக்கத் தேவையில்லை அப்பா."

"ஓம் தம்பி."

பிறகு அவர் எடுக்கவேயில்லை. மட்டையின் வெற்றியை நான் கந்தோரில் கூட வேலை செய்தவர்களிடமெல்லாம் அளந்துகொண்டு திரிந்தேன்.

அவருடைய செத்தவீடு முடிந்த பின் மட்டையைக் கழற்றப் போனேன். ஓரத்தில் நடுங்கும் எழுத்தில் இருந்தது: 'லைட் எரியுது. பிளக் சரி. ரீவியும் ஓடுது. தம்பிக்கு எடுக்க ஒண்டுமில்லை.' அதையே அவர் ஒன்பது தரம் எழுதியிருந்தார்.

ரீவியின் பிளக்கை நானே கழற்றிவிட்டு, 'தம்பி, ரீவி ஓடுதில்லை' என்று அப்பா எடுப்பார் என்பதுபோல் கையில் போனோடு நின்றேன்.