பர்வதத்தின் வாசற்கதவு

கல்பாக்கத்தில் வரைவாளராக வேலை பார்த்த பர்வதம், புதுப்பட்டினத்தில் வீடு கட்டத் தொடங்கியபோது அவள் கணவர் திருநாவுக்கரசு உயிரோடு இருந்தார். வாசற்கதவுக்கென்று தேக்குப் பலகைகளை அவர்தான் பார்த்துப் பார்த்து வாங்கி வைத்தார். இரண்டு அங்குலக் கனம், ஒவ்வொன்றையும் தூக்க இரண்டு ஆள் வேண்டும். கூரை போடுவதற்குள் அவர் மாரடைப்பில் போய்விட்டார். மகள் மேக்னா அப்போது ஒன்பதாம் வகுப்பு.

பாதியில் நின்ற வீட்டைப் பார்த்துக்கொள்ள, செங்கல்பட்டிலிருந்து கணவரின் அண்ணன் தாமோதரன் பஸ் ஏறி வந்தார். தாலுகா அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். கொத்தனாரை அதட்டவும் சிமென்ட் லாரியைத் திருப்பி அனுப்பவும் அவருக்குப் பிடித்திருந்தது. பர்வதத்துக்கு அது உதவியாகத்தான் இருந்தது, அதை அவள் ஒருநாளும் மறுக்கவில்லை. ஆனால் உதவி எந்த நாளில் அதிகாரமாக மாறியது என்று கேட்டால் அவளால் சொல்ல முடிந்திருக்காது.

கதவு மாட்டிய அன்று அவள் அலுவலகத்தில் இருந்தாள். மாலையில் கம்பெனி பஸ்ஸில் இறங்கி வந்து பார்த்தால் கதவு நிலையில் தொங்குகிறது. தச்சன் சம்பத்திடம் தாமோதரனே நின்று மாட்டச் சொல்லியிருந்தார். மூன்று இரும்புக் கீல், நாலு அங்குலம், சாதாரண அறைக் கதவுக்குப் போடுகிற அதே கீல். பூட்டும் அவர் வாங்கியது. மூன்று சாவியில் இரண்டை அவளிடம் கொடுத்துவிட்டு மூன்றாவதைத் தன் பனியன் பையில் போட்டுக்கொண்டார். தனியாக இருக்கிற பெண்ணும் பிள்ளையும், அவசரத்துக்கு ஒன்று தன்னிடம் இருக்கட்டும் என்றார். அன்று அவள் சரி என்றாள். கிரகப்பிரவேச வேலைகள் தலைக்கு மேல் இருந்தன.

குடிவந்து சில மாதம் ஆனது. ஒருநாள் பள்ளியிலிருந்து வந்த மேக்னா, கதவு திறந்து கிடப்பதைப் பார்த்து உள்ளே போனாள். கூடத்தில் முன்பின் தெரியாத இரண்டு ஆண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் அவள் படிப்பு மேசையின் மேல் கை வைத்துச் சாய்ந்திருந்தார். பெண் வந்த வழியே திரும்பி, பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். பர்வதம் வரும் வரை அங்கேதான் இருந்தாள்.

விசாரித்தால், தாமோதரன்தான் சாவி போட்டுத் திறந்திருக்கிறார். வீட்டின் முன்பக்கத்தை வாடகைக்கு விடலாம் என்று அவர் முடிவு செய்து ஆளைக் கூட்டி வந்து காட்டிக்கொண்டிருந்தார். மேக்னா வந்த நேரத்தில் அவர் பின்பக்கக் கிணற்றடியில் இருந்தார். இரண்டு பேருக்கு இவ்வளவு பெரிய வீடு எதற்கு என்பது அவர் கேள்வி.

மறுநாள் பர்வதம் செங்கல்பட்டுக்கே போய்ச் சாவியைக் கேட்டாள். தாமோதரன் சிரித்தார். தம்பி வீட்டுச் சாவி தன்னிடம் இருப்பதில் யாருக்கு என்ன கஷ்டம் என்றார். அவள் திரும்பக் கேட்டதற்கு, பேச்சை மழையின் பக்கம் திருப்பிவிட்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

கதவும் அந்தச் சமயம் பார்த்துத் தகராறு செய்தது. மேல் கீலின் திருகுகள் மரத்தை விட்டு வெளியே தள்ளிக்கொண்டு வர, பூட்டுப் பக்கத்துக் கீழ் மூலை தரையில் உரசி அரைவட்டமாகக் கோடு போட்டது. பூட்டுவதென்றால் கைப்பிடியைப் பிடித்துக் கதவைத் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் பூட்டின் நாக்கு நிலையின் துளைக்குள் போகாது. உப்புக்காற்றில் கீல் முழுவதும் துரு. தாமோதரன் போன் போட்டுச் சம்பத்தை அனுப்பினார். கீழே அரை அங்குலம் சீவிவிட்டால் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

சம்பத் இழைப்புளியோடு வந்து நின்றபோது பர்வதம் கதவுக்கும் அவனுக்கும் நடுவில் நின்றாள்.

"சீவாதீங்க. கதவுல தப்பு இல்ல. தாங்கறதுலதான் தப்பு."

"யக்கா, பெரியவரு சொல்லிக்கிறாரு. சீவினா உரசாது."

"இன்னைக்கு உரசாது. அடுத்த மாசம் இன்னும் தொங்கும். அப்ப மறுபடி சீவுவீங்க. கடைசில கீழ பூனை நுழையற சந்து இருக்கும். யார் வீட்டுக் கதவு இது?"

சம்பத் தலையைச் சொறிந்தான். பிறகு அவனே ஒப்புக்கொண்டான்: "அன்னிக்கே எனக்கு மனசு கேக்கல. கீலு சின்னதா கீதேன்னு சொன்னேன். அவரு காதுல வாங்கல."

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு பர்வதம் அளவெடுத்துக் கணக்குப் போட்டாள். ஏழடி உயரம், மூன்றரை அடி அகலம், இரண்டு அங்குலக் கனம். நாலு கன அடிக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. தேக்கு கன அடிக்குப் பதினெட்டு கிலோவாவது இருக்கும். அப்படியானால் கதவு எழுபத்தைந்து கிலோ. அகலமான கதவு என்பதால் அத்தனை கனமும் மேல் கீலைத்தான் நிலையிலிருந்து பிய்த்து இழுக்கிறது. அந்தக் கீலை முக்கால் அங்குலத் திருகு பிடித்துக்கொண்டிருந்தது. இத்தனை நாள் தாங்கியதே பெரிது.

ஞாயிற்றுக்கிழமை சம்பத்தையும் கூட்டிக்கொண்டு கூடுவாஞ்சேரிக்குப் போனாள். ஜி.எஸ்.டி. சாலையில் ஷபானாவின் ஹார்டுவேர் கடை. அப்பாவுக்குப் பிறகு அவள்தான் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். எடையையும் கனத்தையும் பர்வதம் சொன்னதும், மேசை மேல் இருந்த கீல்களையெல்லாம் ஷபானா ஒதுக்கிவிட்டு உள்ளேயிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தாள். ஐந்து அங்குல எவர்சில்வர் கீல், மூன்று மில்லி தகடு, மூட்டுக்கு நடுவே பால் பேரிங்.

சம்பத்துக்குப் பித்தளைதான் பிடித்திருந்தது. தேக்குக்குப் பித்தளை போட்டால் கோயில் கதவு மாதிரி லட்சணமாக இருக்கும் என்றான். லட்சணம்தான், ஆனால் பித்தளை மிருதுவானது, இந்தக் கனத்துக்கு மூட்டு சீக்கிரம் தேயும் என்றாள் ஷபானா. கைப்பிடியை வேண்டுமானால் பித்தளையில் போடலாம் என்று பர்வதம் சமாதானம் செய்தாள். கீல் நாலு என்று முடிவானது: மேலே இரண்டு பக்கத்தில் பக்கத்தில், நடுவில் ஒன்று, கீழே ஒன்று. திருகும் எவர்சில்வர்தான், இரண்டு அங்குலம். இரும்புத் திருகு போட்டால் கீல் பளபளவென்று இருக்க, திருகு உள்ளுக்குள் துருப்பிடித்து முறிந்துவிடும்.

நிலையின் கனத்தை ஷபானா கேட்டாள். மூன்று அங்குலம், அதில் கதவு உட்காருவதற்கு அரை அங்குல ஆழத்துக்குக் காடி வெட்டியிருக்கிறது, மீதி இரண்டரை. இரண்டு அங்குலத் திருகு அதற்குள் அடங்கும். ஆனால் காடியின் அகலம்தான் பிசகியிருந்தது என்பதைச் சம்பத் அங்கேதான் வெளியே சொன்னான். ஒன்றரை அங்குலக் கதவுக்கென்று வெட்டிய காடி அது. கதவு அரை அங்குலம் வெளியே துருத்திக்கொண்டிருந்ததால்தான் கீல் நேராகப் படியவில்லை.

அடுத்தது பூட்டு. வெளியே ஆல்ட்ராப் தாழ் வைத்துத் தொங்குபூட்டும் போடுவார்களே என்று சம்பத் கேட்டான். பர்வதம் வேண்டாம் என்றாள். யார் வேண்டுமானாலும் வெளியே தாழ் போட்டு அவளையும் மகளையும் உள்ளே அடைத்துவிட்டுப் போகலாம் என்கிற வசதி அவளுக்குத் தேவையில்லை. கதவுக்குள்ளேயே புதையும் மார்டைஸ் பூட்டைத் தேர்ந்தெடுத்தாள், சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினால் நாக்கு முழுதாக நிலைக்குள் போகிற வகை. சாவி நுழைகிற சிலிண்டர் கடையில் இருந்தது அறுபது மில்லி. இருபுறத் தகட்டோடு அவள் கதவுக்கு அது போதாது.

"எண்பது கீது, எடுத்துக்கிறீங்களா?" என்றான் கடையில் வேலை பார்த்தவன்.

ஷபானா தடுத்தாள். "வேணாம்க்கா. வெளில நீட்டிக்கினு நிக்கும். குறடு போட்டுப் புடிச்சு ஒரு திருப்பு திருப்புனா ஒடஞ்சிரும். எழுபது மெட்ராஸ் பாரிஸ் கார்னர்லேர்ந்து வரவெச்சுத் தரேன். தகட்டுக்கு மேல ரெண்டு மில்லிக்கு மேல நீட்டக் கூடாது."

பிறகு அவள் சாவிப் பையைப் பற்றிச் சொன்னாள். ஒட்டிய பையில் வரும், அதை நீங்களே பிரியுங்கள், வேறு யார் கையிலும் பிரிக்க விடாதீர்கள் என்று. எதற்காக என்று அவள் கேட்கவும் இல்லை, பர்வதம் சொல்லவும் இல்லை.

சிலிண்டர் வந்த வாரம் பர்வதம் லீவு போட்டு வீட்டில் இருந்தாள். கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார்கள். நிலையைத் தட்டிப் பார்த்தால் கீல் பக்கம் லேசாக ஆடியது. சுவரோடு பிடிக்கும் இரும்புப் பட்டைகளில் ஒன்று பெயருக்குத்தான் இருந்தது. பூச்சை உடைத்துப் புதிதாக இரண்டு பட்டை வைத்து, கான்கிரீட் போட்டு, அது இறுகும் வரை வாசலைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். பிறகு சம்பத் காடியை இரண்டு அங்குலத்துக்கு உளியால் அகலப்படுத்தினான். பழைய திருகுத் துளைகளைத் தேக்குக் குச்சி செதுக்கிப் பசை வைத்து அடைத்தான். ஒவ்வொரு திருகுக்கும் முதலில் சின்னத் துளை போட்டான். கதவைத் தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது. மாட்டி முடித்ததும் பர்வதம் பாதி திறந்து கையை எடுத்தாள். கதவு நின்ற இடத்தில் நின்றது. சுண்டு விரலால் தள்ளினாள், சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. சாவிப் பையை மேக்னாவிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னாள்.

இரண்டாவது வாரமே தாமோதரன் வந்தார். வாடகைக்குப் பார்க்க வந்த அந்த இரண்டு பேரில் ஒருவரும் கூட வந்தார். உள்ளேயிருந்த பர்வதத்துக்குச் சாவி உரசும் சத்தம் கேட்டது. எழுந்து போய்க் கதவில் பதித்திருந்த சின்னக் கண்ணாடித் துளை வழியே பார்த்தாள். பழைய சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, புதிய துளையில் மறுபடி வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அழைப்பு மணி அவர் தோளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதை அவர் தொடவில்லை, கதவைத் தட்டினார். பர்வதம் அவசரப்படாமல் புடவையைச் சரிசெய்துகொண்டு திறந்தாள்.

"பூட்ட மாத்திட்டியா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லல?"

"ஆமா மாமா. மாத்திட்டேன்."

"ஒரு சாவி குடு."

"குடுக்கமாட்டேன். மணி அடிங்க, நான் இருந்தா தெறக்கறேன். இல்லாட்டி நான் வர வரைக்கும் யாரும் உள்ள வரவேண்டியதில்ல."

கூட வந்தவர் தெருவைப் பார்க்கத் தொடங்கினார். தம்பி இருந்தால் இப்படி நடக்குமா என்று தாமோதரன் குரலை உயர்த்தினார். பர்வதம் குரலை உயர்த்தவில்லை.

"அவர் இருந்தாலும் எம் பொண்ணு படிக்கிற எடத்துல ஊர் பேர் தெரியாதவங்கள உக்கார வெச்சிருக்கமாட்டார். வாடகைக்கு விடறதா இருந்தா நான் விடுவேன். நீங்க உள்ள வாங்க, காபி குடிச்சிட்டுப் போங்க. கூட வந்தவர் வரவேணாம்."

தாமோதரன் உள்ளே வரவில்லை. இனி இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொல்லிப் படியிறங்கினார். அவர் தெருமுனை திரும்பும் வரை அவள் கதவைச் சாத்தவில்லை.

சொன்னபடியே வெகுநாள் அவர் வரவில்லை. உறவில் அவளுக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர் வந்தது. சம்பளம் வாங்குகிறவள், அப்படித்தான் என்றார்கள். செங்கல்பட்டில் தாமோதரனின் மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது, அழைக்க ஆள் வரவில்லை. பர்வதம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மேக்னாவோடு போய் முன் வரிசையில் உட்கார்ந்தாள். மணமக்களுக்கு அட்சதை போட்டாள், பந்தியில் சாப்பிட்டாள். தாமோதரன் அவளைக் கடந்து போகும்போது, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார். சாப்பிட்டேன் மாமா என்றாள்.

மேக்னா கல்லூரிக்குப் போன வருஷம் பர்வதம் மாடியில் ஓர் அறையும் சமையலறையும் கட்டி, ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த இரண்டு நர்ஸ்களுக்கு வாடகைக்கு விட்டாள். அந்தக் கதவு லேசானது, மூன்று கீல் போதும் என்று சம்பத் சொன்னதை ஏற்றுக்கொண்டாள். பூட்டின் சாவிப் பையைப் பிரிக்காமல் அப்படியே அந்தப் பெண்களிடம் நீட்டினாள். உங்களிடம் ஒன்று இருக்கட்டுமே அக்கா என்றார்கள் அவர்கள்.

"எனக்கு எதுக்கு? உங்க வீடு. நான் வந்தா கதவத் தட்டறேன்."