இருபதுக்கும் புள்ளி பூஜ்யம் ஐந்துக்கும் நடுவே

திருப்புலிவனம் காலனியிலிருந்து நாற்றுப் பறிக்கப் போகும் இருசப்பனின் மகள் தேவகி பி.எஸ்ஸி. படித்ததே ஊருக்குப் பொறுக்கவில்லை. அவள் உத்திரமேரூர் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான டீச்சராக வந்து உட்கார்ந்தால் பொறுக்குமா? வேலை தற்காலிகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைமையாசிரியர் ஸ்வாமிநாதன் சிபாரிசு எழுதினால்தான் ஆணை நீளும். 1966-இல் அந்தச் சிபாரிசு எழுத வேண்டிய மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. கையில் சாக்பீஸும் கழுத்தில் சுருக்குக் கயிறுமாகத்தான் அவள் வகுப்புக்குப் போய்வந்தாள்.

கல்லூரிக்குப் போகக்கூடிய ஆறு பேருக்குத் தனி வகுப்பு வைத்து, பாடப் புத்தகத்தில் இல்லாத நெர்ன்ஸ்ட் சமன்பாட்டையும் நடத்தச் சொன்னவர் அந்த ஸ்வாமிநாதன்தான். துத்தநாகமும் செம்பும் சேர்ந்த மின்கலம். இரண்டு கரைசலும் ஒரு மோலார் என்றால் 1.10 வோல்ட். துத்தநாகக் கரைசலை நீர்க்க வைத்தால் வோல்ட் கொஞ்சம் ஏறும், செம்புக் கரைசலை நீர்க்க வைத்தால் இறங்கும். எவ்வளவு என்பதற்கு, துத்தநாகத்தின் செறிவைச் செம்பின் செறிவால் வகுத்து, லாக் பார்த்து, 0.0296-ஆல் பெருக்கி, 1.10-இலிருந்து கழிக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அந்த வகுப்பில் வைத்த தேர்வில் துத்தநாகம் 0.05, செம்பு 1. நான்கு பேர் பின்னத்தைத் தலைகீழாக்கி இருபதுக்கு லாக் பார்த்து, குறியை மாற்றி, 1.14 என்று சரியாக எழுதித் தப்பித்துக்கொண்டார்கள். கோயில் தெரு ராஜாராமும் காலனிப் பெண் செங்கேணியும் மட்டும் நேராக 0.05-க்கே லாக் பார்த்தார்கள். இருவர் தாளிலும் 1.18. செங்கேணி உட்கார்ந்தது ராஜாராமுக்கு நேர் பின் பெஞ்சில்.

"காப்பியடிச்சிருக்கா," என்றார் ஸ்வாமிநாதன். யார் என்று அவர் சொல்லவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. காப்பியடித்தவள் பெயரைப் பொதுப் பரீட்சைக்கு அனுப்ப முடியாது என்றார்.

1.18 எங்கிருந்து வந்தது என்று பார்த்தவுடனே தேவகிக்குத் தெரிந்துவிட்டது. லாக் அட்டவணைப்படி 0.05-க்கு இரண்டின் தலையில் மட்டும் கோடு, அப்புறம் புள்ளி 6990. கோடு போட்ட இரண்டுதான் மைனஸ், புள்ளிக்குப் பிறகு வருவது பிளஸ். இரண்டையும் சேர்த்தால் மைனஸ் 1.3010. பாடம் நடத்திய அன்று மணி அடிக்கிற அவசரத்தில் அவள் பலகையில் மொத்தத்தையும் மைனஸ் 2.6990 என்று போட்டுவிட்டுப் போயிருந்தாள். பாவி! உண்மையைச் சொன்னால் வேலை போகும். வாயை மூடினால் அந்தப் பெண் போகும்.

நோகாமல் நொங்கு தின்ன ஒரு வழி தேடினாள். பிள்ளைகள் வழக்கமாகச் செய்கிற தப்பு இது, வேறு கணக்குக் கொடுத்துத் தனித்தனியே உட்கார வைத்துப் பாருங்கள் என்றாள். இருவரும் மறுபடி ஒரே மாதிரித் தப்புச் செய்தால் காப்பி இல்லை என்று ஆகிவிடும். மாணவி தப்பாகப் போட வேண்டுமே என்று சாமியை வேண்டிக்கொண்ட டீச்சரை அந்தச் சாமியும் அன்றுதான் பார்த்திருக்கும்.

இந்தத் தடவை துத்தநாகம் 0.02. ராஜாராம் 1.17 என்று தப்பாகவே போட்டான். செங்கேணி 1.15. சரியான விடை. போச்சு.

சரியாகப் போடத் தெரிந்தவள் அன்றைக்கு ஏன் தப்பாகப் போட்டாள், பார்த்து எழுதியதால்தானே என்று ஸ்வாமிநாதன் மடக்கினார்.

"நூத்துல ஒரு பங்குக்கு லாக் மைனஸ் ரெண்டு சார். இது அத்தவிடப் பெருசு. அப்றம் எப்டி மைனஸ் ரெண்டுக்கும் கீய போவும்? வூட்ல யோசிச்சிக்கினே இருந்தேன். அப்பத்தான் புரிஞ்சுது," என்றாள் செங்கேணி.

முன்னே அப்படிப் போட யார் சொன்னது என்று கேட்டார். செங்கேணி டீச்சர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பெண் பரீட்சையையே விட்டுக்கொடுத்துத் தன்னைக் காப்பாற்றுகிறாள் என்பது தேவகிக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

"நான்தான் சார் தப்பா சொல்லிக்குடுத்தேன்," என்றாள்.

ஸ்வாமிநாதன் சிரித்தார். "உங்க ஜனம்னு பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கறேளா?"

தேவகி பலகைக்குப் போய், அன்று போட்டபடியே கணக்கை மறுபடி போட்டுக் காட்டினாள். அவர் அசையவில்லை. கடைசியில் ராஜாராம்தான் மெல்ல எழுந்தான்.

"ஆமாம் சார். டீச்சர் அன்னிக்கு இப்படித்தான் போட்டா."

"அப்படியா?" என்றார் ஸ்வாமிநாதன், உடனே. செங்கேணியைப் பரீட்சைக்கு அனுப்புவதாக அங்கேயே ஒப்புக்கொண்டார். தேவகி பட்டதாரி, டீச்சர், தன் வாயாலேயே தன் தப்பைச் சொன்னவள். அவளை நம்பாதவர் பதினாறு வயதுப் பையனை ஒரு வார்த்தையில் நம்பினார். நம்பிய கையோடு, ஆணைக்கான சிபாரிசை இனி எழுதுவதற்கில்லை என்று அவளிடம் சொன்னார்.