பாடு இல்லாத நாட்கள்

எங்கள் மகளுக்கு ஒரு தம்பியோ தங்கையோ பிறக்கும் என்று பல வருடங்கள் காத்திருந்துவிட்டு, பொன்னேரியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். குறை என்னிடம்தான் என்று நினைத்திருந்தேன். என் பரிசோதனைகளில் குறையில்லை. கணவருக்குத்தான் விந்தணுக்களும் குறைவு, டெஸ்டோஸ்டிரானும் குறைவு.

"குடிப்பீங்களா?"

"பாடு இல்லாத அன்னிக்கு மட்டும்தான் மேடம்" என்றார் அவர். ஏரியில் வலை போட எங்களுக்கு முறை வரும் நாள்தான் பாடு. முறை வராத நாட்களே அதிகம். அதை நான் சொல்லியிருக்க வேண்டுமோ?

"தாடி வளர்றது கொறைஞ்சிருக்கா?"

"ஆமா, பிளேடு மிச்சம்" என்று சிரித்தார். முகம் வழவழப்பாகிவிட்டதென்று நானே அவரைக் கேலி செய்திருக்கிறேன்.

அதிகக் குடி விரைகளையும், அவற்றை இயக்கும் மூளையின் சுரப்பையும் கெடுக்கும் என்றார் டாக்டரம்மா. முழுதாக நிறுத்தினால் பலருக்குச் சரியாகும். புது விந்தணு உருவாகவே ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும்.

பஸ்ஸில் அவர் உற்சாகமாக இருந்தார். "பாடு நாள்ல நான் தொடறதே இல்லியே. ஒடம்பு அதுலயே தேறிக்கும்."

"இன்னா பேசற நீ? ஒரு நாள்கூட கூடாதுனு சொன்னாங்களே!"

"சரிடி, டாக்டரு."

பழவேற்காட்டில் இறங்கியதும், "நீ போ, தோ வரேன்" என்று கடைத்தெருப் பக்கம் திரும்பினார். அன்று எங்களுக்குப் பாடு இல்லை. கூப்பிட வாயெடுத்தேன், தெருவில் ஆட்கள் இருந்தார்கள்.

வாசலில் மகள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "நைனா எங்கம்மா?"