உப்பில்லாத கஞ்சி

உத்திரமேரூரில் ஷேர் ஆட்டோ ஓட்டும் குமரேசன் தொந்தியையும் பிரஷரையும் குறைக்க தினமும் ஏரிக்கரையில் நடந்தார். சோற்றை விட்டுக் கஞ்சிக்கு மாறினார்; அதிலும் உப்பில்லை. எடை இறங்கியது, பிரஷர் இறங்கவில்லை.

"தொட்டுக்க இன்னாண்ணே?" என்று கேட்டாள் ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த நர்ஸ் சுபாஷ்ரீ.

"சுட்ட கருவாடு. இல்லாங்காட்டி ஊறுகா, ரெண்டு அப்பளம்."

"உப்பெல்லாம் அதுலதாண்ணே கீது! கருவாட்ட ஊறவெச்சுக் கழுவுனாகூட முழுசா போவாது. காய் போட்டு ஒரு கொழம்பு வைக்கக் கூடாதா?"

"ஒருத்தனுக்கு இன்னாத்துக்கும்மா கொழம்பு?"

ஆனாலும் வைத்தார். வீட்டிலிருந்த சட்டி நாலு பேருக்கானது. ஒரே கத்திரிக்காய்க் குழம்பை மூன்று நாள் சுடவைத்துத் தின்றார்.

அடுத்த முறை பிரஷர் பார்க்கப் போனபோது கையில் தூக்குவாளி இருந்தது.

"உப்பு கம்மியா கீதான்னு நீ கொஞ்சம் துன்னு பாரும்மா."