அம்மா பார்க்க இடக்கையால் காசு கட்டியவர்

எங்கள் சுப்பர் மார்க்கெட்டுக்கு உள்ளங்கை மெசின் வந்த கிழமை எனக்குத் தலைகால் புரியவில்லை. மட்டக்களப்பில் வேறெந்தக் கடையிலும் நான் காணாத சாமான் என் கவுண்டரில் பூட்டியிருந்தது. போன் வேண்டாம், பேர்ஸ் வேண்டாம், வங்கி அட்டையும் வேண்டாம். வெறுங்கையை மேலே பிடித்தால் காசு கட்டியாகிவிடும். சோதனைக்கு வைத்துப் பார்க்கிறோம், ஆட்களைப் பதிவது உன் வேலை என்று முகாமையாளர் என்னிடம் ஒப்படைத்தார். நானும் பெரிய விஞ்ஞானி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

எங்கள் சனம் லேசுப்பட்டதா? கையைச் சற்று உயர்த்திப் பிடியுங்கள் என்றால், மெசினில் அப்பி அழுத்துவார்கள். ஒரு அம்மா கையை விரித்து நீட்டி, "புள்ள, எனக்கு வெளிநாட்டுப் பயணம் கிடக்கா எண்டும் பாத்துச் சொல்லன்" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இது ரேகை சாத்திரம் இல்லை அம்மா, தோலுக்குக் கீழே ஓடும் நரம்பைப் பார்க்கிறது என்று விளங்கப்படுத்தினேன்.

அந்த விளக்கத்தை நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி எனக்குப் பாடமாகிவிட்டது. மெசினிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் வரும். அதை இரத்தம் உறிஞ்சிக்கொள்வதால் நரம்புகள் கறுப்புக் கோடுகளாகத் தெரியும். அந்தக் கோலத்தை மெசின் இலக்கங்களாக மாற்றி, உங்கள் வங்கி அட்டையோடு சேர்த்து வைக்கும். பதியும் அன்றைக்கு மட்டும் போன் வேண்டும், அதற்கு ஒரு குறியீட்டு எண் வரும். பிறகு கை மட்டும் போதும். ஆனால் ஒருவருக்கே இடக்கை நரம்பும் வலக்கை நரம்பும் ஒன்றுபோல இராது. எந்தக் கையைப் பதிந்தீர்களோ அதைத்தான் காட்ட வேண்டும்.

அவர் வந்தது அந்த நாட்களில்தான். வாவிக்கரைத் துறையில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவர். இடுப்பளவு தண்ணீரில் நின்று வேலை செய்து, போனை வாவிக்குக் கொடுத்து, புதிதாக வாங்கியதையும் வாவிக்கே கொடுத்தவர். அதனால் போனை வீட்டில் வைத்துவிட்டுத் திரிவதென்று முடிவெடுத்திருந்தார். கையால் காசு கட்டலாம் என்று கேள்விப்பட்டதும் அவருக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்க வேண்டும். பதிய வந்த அன்று வலக்கையில் கெளுத்தி முள் குத்தி, விரல்வரை பன்டேஜ் சுற்றியிருந்தது. துணி சுற்றிய கையை மெசின் பார்க்காது. "அப்ப இடக்கையப் பதியுங்க" என்றார். பதிந்தேன்.

அதற்குப் பிறகு பின்னேரம் தவறாமல் வந்தார். நனைந்த காற்சட்டை, வெறும் சட்டைப்பை, ஒரே ஒரு யோகட். முன்னால் இருக்கிற கவுண்டர் காலியாகக் கிடக்கும், என் வரிசையில்தான் நிற்பார். யோகட்டுக்காக இப்படி அலைகிற மனுசனை நான் கண்டதில்லை. புண் ஆறிப் பன்டேஜ் போன பிறகும் இடக்கையைத்தான் காட்டினார், பழகிவிட்டது. வலக்கையையும் பதிவோமா என்று கேட்டால் போன் வீட்டில் என்பார். சரி, நாளைக்குக் கொண்டுவாருங்கள் என்பேன். நாளைக்கும் வர ஒரு சாட்டுக் கிடைத்ததில் இருவருக்கும் பரம திருப்தி. எனக்கு அவரைப் பிடித்துப்போனது. சும்மா இல்லை, பைத்தியமாகப் பிடித்துப்போனது.

அம்மாவிடம் சொன்னேன். எங்கள் பக்கத்தில் கல்யாணம் கட்டியதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அம்மாவுக்கு அது மருமகன் மட்டுமல்ல, தன் குசினியில் தினமும் சாப்பிடப்போகிற ஆள். "நான் ஒருக்காப் பாக்கோணும். எனக்குப் பிடிக்கல்ல எண்டா மறுகா ஒரு கதையும் இல்ல. நான் வாறதா அவரிட்டச் சொல்லிப் போடாத" என்றார். அம்மா ஒன்று சொன்னால் சொன்னதுதான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் என் முகம் அம்மாவின் முகம். ஒருநாள் பின்னேரம் அம்மா ஒரு உப்புப் பக்கற்றைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் வந்து நின்றதும், அவர் திரும்பிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு மறுபடியும் அம்மாவைப் பார்த்தார். அம்மா யாரென்று அவருக்குப் பிடிபட்டுவிட்டது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, யோகட்டை மெதுவாக வைத்து, கையை நீட்டினார். சிவப்பு வெளிச்சம் வந்தது. மீண்டும் முயற்சிக்கவும் என்றது திரை.

கை ஈரமாயிருக்கும் என்று துடைக்கச் சொன்னேன். துடைத்துக்கொண்டு நீட்டினார், சிவப்பு. மெசினின் கண்ணாடியை நான் துடைத்தேன், சிவப்பு. எனக்கு வியர்த்துக் கொட்டியது. வரிசையில் யாரோ, "தம்பி, காசு இருந்தாக் குடுத்துட்டுப் போங்களன்" என்றார். காசு எங்கே இருக்கிறது? அம்மா அவரது வெறும் சட்டைப்பையைப் பார்ப்பதை நான் பார்த்தேன். என் கையைக் காட்டி நானே கட்டிவிடலாம். ஆனால் மகள் காசு கட்டிய மாப்பிள்ளையை அம்மா வாசலிலேயே திருப்பி அனுப்புவார். ஒரு யோகட்டில் என் கல்யாணம் குழம்பப்போகிறது என்று அழுகை முட்டியது.

அவர் யோகட்டைத் திருப்பி வைக்க எடுத்தார். அப்போதுதான் எந்தக் கை என்று என் மண்டைக்கு ஏறியது. இவ்வளவு நாளும் இல்லாமல் இன்றைக்கு வலக்கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

"மற்றக் கைய வையுங்க" என்றேன் மெதுவாக.

அவர் அசையவில்லை. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார், ஆனால் வரிசைக்கே கேட்டது.

"மாமி நிக்கக்குள்ள இடக்கையால எப்பிடிக் காசு குடுக்கிற?"

பக்கத்துக் கவுண்டர் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். மாமி என்ற சொல் அவர் வாயிலிருந்து விழுந்ததை அவரே அப்போதுதான் உணர்ந்தார் போல, காது இரண்டும் சிவந்துபோயின. அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு இல்லை. இடக்கையால் ஒரு குவளை தண்ணீர் கொடுத்தாலும் வாங்காத ஆள் அம்மா.

"ஏன், மெசினுக்கு வலக்கையத் தெரியாதாமா?" என்று அம்மா என்னைக் கேட்டார்.

"அண்டைக்கு வலக்கையில புண்ணும்மா. இடக்கையத்தான் பதிஞ்ச. அது தெரிஞ்ச கையத்தான் எடுக்கும்."

அம்மா உப்புப் பக்கற்றை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். அவரை மேலிருந்து கீழ்வரை அவசரப்படாமல் ஆறுதலாகப் பார்த்தார்.

"காட்டுங்க மனே. எத்தின பேரு நிக்காங்க."

அவர் இடக்கையை மெசினுக்கு மேலே பிடித்தார். பச்சை விழுந்தது. வரிசையில் ஒருவர் கைதட்டியே விட்டார். பில் துண்டை நான் நீட்ட, அவர் குனிந்துகொண்டே வாங்கினார். நழுவப் பார்த்தவரை அம்மா மறித்தார்.

"கடைக்கு எந்தக் கையால குடுத்தாலும் காரியமில்ல. என்ட புள்ளைக்குத் தாலிய ரெண்டு கையாலயும் கட்டினாச் சரி."

எனக்குக் கண்ணும் தெரியவில்லை, காதும் கேட்கவில்லை. அம்மாவின் அந்த ஒரே உப்புப் பக்கற்றுக்குத் திரும்பத் திரும்ப பில் அடித்துக்கொண்டிருந்தேன்.